கோ-ஆப்டெக்ஸ் மீட்சியும் கோட்டரின் எட்டுப் படிகளும்

கோ-ஆப்டெக்ஸ் என்று மக்கள் அழைக்கும் தமிழ்நாடு கைத்தறி நெசவாளர்கள் கூட்டுறவு சங்கம் 1935ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. வண்ணத்துப்பூச்சிச் சின்னம் கொண்ட இந்நிறுவனத்தின் தலைமையகம் சென்னை எழும்பூரில் பாந்தியன் சாலையில் உள்ளது. ஊர்தோறும் இருக்கும் தொடக்க நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களிடம் துணி வாங்கித் தன் விற்பனை நிலையங்களில் விற்பது இதன் முதன்மைப் பணி. தமிழ்நாட்டிலும் பிற மாநிலங்களிலுமாக நூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்கள் இதற்கு உண்டு.

நட்டத்தில் இருந்த இந்நிறுவனம் 2012 முதல் 2014 வரையிலான காலத்தில் லாபப் பாதைக்குத் திரும்பியது. அந்த மீட்சியை அமெரிக்க மேலாண்மை ஆசிரியர் ஜான் கோட்டர் வகுத்த எட்டுப் படி முறையால் அளந்து, எந்தப் படிகள் ஏறப்பட்டன, எவை தாண்டிச் செல்லப்பட்டன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. அளவீட்டுக்கு நிற்கும் இடம் சென்னைத் தலைமையகம் அன்று. திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் உள்ள ஆரணி. புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டு நெய்யப்படும் இவ்வூரில், கடையின் உடல்நிலையைக் கடைக்காரருக்கு முன்னே தறிக்காரர் அறிந்துவிடுவார்.

கடையின் நோய் தறிக்கு வரும் வழி

ஆரணியில் சங்க உறுப்பினராக உள்ள நெசவாளர் பட்டு நூலைத் தாமே கடையில் வாங்குவதில்லை. சங்கம் பாவும் ஊடையும் ஜரிகையும் கொடுக்கும். அவர் நெய்து கொடுத்துக் கூலி பெறுவார். ஒரு பாவில் சில சேலைகள் இறங்கும். வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு சேலைக்கு ஒரு வாரமும் ஆகலாம், இரண்டு வாரத்துக்கு மேலும் ஆகலாம். பாவு தீர்ந்ததும் அடுத்த பாவு வந்தால்தான் தறி ஓடும்.

அடுத்த பாவுக்குச் சங்கத்திடம் பணம் வேண்டும். அந்தப் பணம் இரண்டு இடத்திலிருந்து வருகிறது. ஒன்று, விற்ற சேலைக்குக் கோ-ஆப்டெக்ஸ் கொடுக்கும் தொகை. மற்றொன்று, மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கி தரும் காசுக்கடன். முதலாவது தாமதமானால் இரண்டாவது நிரம்பும். இரண்டாவது நிரம்பினால் தறி நிற்கும்.

கணக்குக்காக ஒரு சிறு சங்கத்தை எடுத்துக்கொள்வோம். 50 தறிகள், தறிக்கு மாதம் 2 சேலை, ஒரு சேலைக்கு நூல், ஜரிகை, கூலி எல்லாம் சேர்த்து 8,000 ரூபாய் என்று வைத்தால், மாதம் 100 சேலைக்கு 8 லட்சம் ரூபாய் செலவாகும். கோ-ஆப்டெக்ஸ் 3 மாதத்தில் பணம் கொடுத்தால் சங்கத்தின் 24 லட்சம் எப்போதும் வெளியே நிற்கும். காசுக்கடன் வரம்பு 30 லட்சம் என்றால் சமாளித்துவிடலாம். அதே பணம் 6 மாதம் கழித்து வந்தால் வெளியே நிற்கும் தொகை 48 லட்சம். நான்காம் மாதத்திலேயே வரம்பு தாண்டிவிடும். சங்கச் செயலாளர் 'பாவு இல்லை' என்று சொல்லத் தொடங்குவார். நெசவாளர் தனியார் முதலாளியிடம் போவார், அல்லது தறியை விட்டு வேறு வேலை தேடுவார். எழும்பூரில் ஒரு கோப்பு மூன்று மாதம் தூங்கினால் ஆரணியில் தறி தூங்குகிறது.

கடைப் பக்கம் நோய் வேறு முகத்தில் தெரியும். கோ-ஆப்டெக்ஸ் விற்பனையில் பெரும்பகுதி தீபாவளித் தள்ளுபடிக் காலத்தில் குவிவது வழக்கம். இதனால் ஆண்டு மொத்த விற்பனையை மட்டும் பார்ப்பவர் ஏமாந்துபோக வாய்ப்புண்டு. இதற்கும் ஒரு கற்பனைக் கணக்கு உதவும். ஒரு விற்பனை நிலையத்தில் சராசரியாக 60 லட்சம் ரூபாய்ச் சரக்கு இருந்து, ஆண்டு விற்பனை அடக்க விலையில் 90 லட்சம் என்றால், சரக்கு ஆண்டுக்கு ஒன்றரை முறை சுழல்கிறது. அதாவது ஒரு சேலை சராசரியாக 8 மாதம் அலமாரியில் இருக்கிறது. அடுத்த ஆண்டு விற்பனை 108 லட்சமாக உயர்கிறது; ஆனால் சரக்கும் 90 லட்சமாகிவிட்டது. விற்பனை 20 விழுக்காடு கூடியதாக அறிக்கை சொல்லும். சுழற்சியோ 1.2 ஆகக் குறைந்து, சேலை 10 மாதம் அலமாரியில் கிடக்கிறது. பட்டுச் சேலைக்கு அது நல்லதன்று: மடிப்பில் இழை நையும், ஜரிகை கறுக்கும்.

இன்னும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். முதல் ஆண்டின் 90 லட்சத்தில் தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதத்தில் விற்றது 45 லட்சம். மறு ஆண்டின் 108இல் 65 லட்சம் என்றிருந்தால், மற்றப் பத்து மாத விற்பனை 45 லட்சத்திலிருந்து 43 லட்சமாக இறங்கியிருக்கிறது. தள்ளுபடி இல்லாத மாதத்தில் கடைக்கு வருபவர் எண்ணிக்கை கூடவில்லை என்பதே இதன் பொருள். கடை உண்மையில் மீண்டதா என்பதைச் சொல்லும் எண் இந்த 43தான், 108 அன்று.

எட்டுப் படிகள்

ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பணியாற்றிய கோட்டர், பத்தாண்டுக் காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களின் மாற்ற முயற்சிகளைக் கவனித்து 1995இல் ஒரு கட்டுரை எழுதினார். அதில் அவர் வெற்றிக்கு வழி சொல்லவில்லை. முயற்சிகள் தோற்பதற்கான எட்டுத் தவறுகளைச் சொன்னார். மறு ஆண்டு வெளியான நூலில் அதே எட்டும் படிகளாக உருமாறின. தவறுகளாகத் தொடங்கியது என்பதை நினைவில் வைத்தால் இம்முறையைப் பயன்படுத்துவது எளிது. எது செய்யப்பட்டது என்பதைவிட எது விடுபட்டது என்று தேடுவதற்கே இது பொருத்தமான கருவி.

முதற்படி, இப்படியே போனால் ஆபத்து என்ற அவசர உணர்வைப் பலரிடமும் உண்டாக்குவது. இரண்டாவது, மாற்றத்தை நடத்தப் போதிய செல்வாக்குள்ள ஓர் அணியைச் சேர்ப்பது. மூன்றாவது, எங்கே போகிறோம் என்ற தெளிவான நோக்கை வகுப்பது. நான்காவது, அதை எல்லாரிடமும் திரும்பத் திரும்பக் கொண்டுசேர்ப்பது. ஐந்தாவது, வழியில் உள்ள தடைகளை நீக்கிக் கீழ் நிலையில் இருப்பவர்கள் செயல்பட இடம் தருவது. ஆறாவது, கண்ணுக்குத் தெரியும் சிறு வெற்றிகளை விரைவில் காட்டுவது. ஏழாவது, அந்த வெற்றியோடு நின்றுவிடாமல் அதைக் கொண்டு கடினமான மாற்றங்களைத் தொடர்வது. எட்டாவது, புதிய வழக்கம் நிறுவனத்தின் இயல்பாகவே வேர்விடச் செய்வது.

வரிசை முக்கியம் என்பது கோட்டரின் கருத்து. ஒரு படியைத் தாண்டினால் வேகமாகப் போவது போலத் தோன்றும், பலன் நிலைக்காது என்கிறார். அவருடைய நூல் பிற ஆய்வுகளை மேற்கோள் காட்டாமல் சொந்த அனுபவத்தை மட்டும் நம்பி எழுதப்பட்டது என்ற குறை பின்னாளில் சொல்லப்பட்டது. அந்தக் குறை நியாயமானதே. ஆகவே இதைச் சட்டமாகக் கொள்ளாமல் சோதனைத் தாளாகக் கொள்வது நல்லது.

2012இல் தொடங்கிய மாற்றம்

மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த உ. சகாயம் 2012ஆம் ஆண்டு கோ-ஆப்டெக்ஸ் மேலாண்மை இயக்குநராக மாற்றப்பட்டார். நட்டக் கணக்கும், 'கோ-ஆப்டெக்ஸ் என்றால் பழைய சரக்கு' என்ற பொதுமக்கள் எண்ணமும் அப்போது நிறுவனத்துக்குச் சுமையாக இருந்தன. முதற்படியான அவசர உணர்வை உண்டாக்க அதிகம் பாடுபட வேண்டியிருந்திராது. ஆனால் நட்டம் தெரிந்திருப்பதும் அவசரம் உணரப்படுவதும் வேறு வேறு. மேலாளர்களில் ஏறத்தாழ 75 விழுக்காட்டினராவது பழைய வழி இனி உதவாது என்று மனதார நம்ப வேண்டும் என்பது கோட்டர் வைத்த அளவு. அரசின் ஆதரவு பெற்ற நிறுவனத்தில், நட்டம் வந்தாலும் சம்பளம் வரும் என்ற நம்பிக்கை அந்த அளவை எட்டவிடாது. தனியார் கடைக்கும் இதற்கும் உள்ள முதல் வேறுபாடு இது.

மூன்றாம் படியும் நான்காம் படியும் இந்த மீட்சியின் மிகச் சிறந்த பகுதி. நோக்கு நெசவாளரை மையமாகக் கொண்டது: இங்கே வாங்கும் ஒவ்வொரு துணியும் ஒரு நெசவாளர் குடும்பத்துக்குப் போகிறது என்பது. ஒரு நோக்கை ஐந்து நிமிடத்தில் சொல்லிக் கேட்பவரின் ஆர்வத்தைப் பெற முடியாவிட்டால் அது நோக்கே அன்று என்று கோட்டர் சொல்வார். இந்த நோக்குக்கு ஐந்து நிமிடம்கூட வேண்டியதில்லை. சேலையில் கட்டிய அட்டையே சொன்னது.

அந்த அட்டையில் சேலையை நெய்தவரின் பெயரும் புகைப்படமும் இருந்தன. வாடிக்கையாளர் ஒரு பட்டுச் சேலையைப் புரட்டிப் பார்க்கும்போது ஒரு முகம் அவரைப் பார்த்தது. விளம்பரப் பலகையில் ஒருமுறை சொல்லி விட்டுவிடும் செய்தி அன்று இது. ஒவ்வொரு விற்பனையிலும் மேசை மேல் வைக்கப்படும் செய்தி. நிறுவனங்கள் தம் நோக்கைச் சொல்ல வேண்டியதில் பத்தில் ஒரு பங்குகூடச் சொல்வதில்லை என்று கோட்டர் குறைப்பட்டார். அட்டை அந்தக் குறையைச் செலவின்றித் தீர்த்தது. அதோடு அது இரண்டு வேலை செய்தது. விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று விற்கும் சந்தையில், பெயரும் முகமும் உள்ள சேலை ஓர் உத்தரவாதமும் ஆயிற்று. 1985ஆம் ஆண்டுச் சட்டம் சில துணி வகைகளைக் கைத்தறிக்கு மட்டுமே ஒதுக்கியிருந்தும், நடைமுறையில் வாங்குபவருக்கு வேறுபாடு தெரிவதில்லை என்பது ஆரணியில் எவரும் சொல்லும் குறை.

பொங்கலையொட்டி வேட்டி தினம் கொண்டாட அரசு அலுவலர்களையும் பிறரையும் அழைத்தது இதே நான்காம் படியின் நீட்சி. தள்ளுபடி அறிவிக்காமலே கடைக்கு வர ஒரு காரணம் கொடுத்ததுதான் இதில் கவனிக்க வேண்டியது. மேலே கண்ட பத்து மாத விற்பனைக்கு மருந்து இவ்வகை முயற்சிதான்.

ஆறாம் படி எளிதில் நிறைவேறியது. நட்டம் நின்று லாபம் வந்ததைச் செய்தித்தாள்கள் எழுதின. ஆனால் இங்கே மதிப்பிடுபவர் சற்று நிதானிக்க வேண்டும். கோ-ஆப்டெக்ஸ் கணக்கில் கடை விற்பனை மட்டும் இல்லை. 1983இல் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டம் போன்ற அரசுத் திட்டங்களுக்கான கொள்முதலும் அதன் வழியே நடக்கிறது. தள்ளுபடிக்கான அரசு மானியம் எந்த ஆண்டு வந்து சேர்கிறது என்பதும் லாப நட்டத்தை மாற்றிவிடும். வெளிச் சூழலும் கை கொடுக்கலாம். 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிரிக்கெட் சங்க மன்றத்துக்குள் வேட்டி அணிந்த உயர் நீதிமன்ற நீதிபதி அனுமதிக்கப்படாதது பெரும் விவாதமாகி, ஆகஸ்டில் தமிழ்நாடு சட்டமன்றம் அத்தகைய தடையை நீக்கிச் சட்டம் இயற்றியது. அந்த மாதங்களில் வேட்டி அதிகம் விற்றிருந்தால், அதில் எவ்வளவு நிர்வாகத்தின் பயன், எவ்வளவு விவாதத்தின் பயன் என்று பிரிப்பது எளிதன்று. மீட்சியை அளக்க விரும்புபவர் அரசுத் திட்டக் கொள்முதலை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, கடை விற்பனையை மாத வாரியாகப் பார்க்க வேண்டும்.

தாண்டப்பட்ட படிகள்

இரண்டாம் படிதான் முதலில் தாண்டப்பட்டது என்று கருத இடமிருக்கிறது. அந்த ஆண்டுகளைப் பற்றிய செய்திகளைப் படித்தால் பெரும்பாலும் ஒரே பெயர் வரும். நேர்மைக்குப் பெயர் பெற்ற ஓர் அதிகாரி வந்தார், கடையைத் தூக்கி நிறுத்தினார் என்பதே கதை. கதை என்ற அளவில் அது மனதுக்கு நிறைவானது. கோட்டரின் கண்ணுக்கோ அது எச்சரிக்கை மணி. ஒரு தலைவர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும், அவரோடு மாற்றத்தைத் தோளில் சுமக்கும் ஓர் அணி வளராவிட்டால் எதிர்ப்பு தணியக் காத்திருக்கும். தலைவர் போனதும் பழைய வழக்கம் திரும்பும்.

கோ-ஆப்டெக்ஸில் இந்த ஆபத்து அமைப்பிலேயே இருக்கிறது. மேலாண்மை இயக்குநர் பதவிக்கு அரசு இந்திய ஆட்சிப் பணி அலுவலரை அனுப்புகிறது. எப்போது வேண்டுமானாலும் வேறு பணிக்கு மாற்றலாம். நிலையாக இருப்பவர்கள் மண்டல மேலாளர்களும், விற்பனை நிலைய மேலாளர்களும், சரக்கைத் தரம் பார்த்து எடுப்பவர்களும், ஊர்ச் சங்கங்களின் செயலாளர்களும். அணி என்று ஒன்று அமைந்தால் அது இவர்களைக் கொண்டே அமைய முடியும்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. கோ-ஆப்டெக்ஸ் ஒரு தலைமைக் கூட்டுறவுச் சங்கம். அதற்குத் துணி கொடுக்கும் தொடக்கச் சங்கங்களே அதன் உறுப்பினர்கள். அதாவது ஆரணிச் சங்கம் கடைக்குச் சரக்கு போடும் வியாபாரி மட்டும் அன்று; கடையின் உரிமையாளர்களில் ஒன்று. சாதாரணச் சில்லறைக் கடை மீட்சியில் கிடைக்காத வாய்ப்பு இது. சரக்கு தருபவரும் உரிமையாளரும் ஒருவராக இருக்கும்போது, எந்தச் சேலை ஓடுகிறது, எது தேங்குகிறது என்ற செய்தி கடையிலிருந்து தறிக்கு மாதந்தோறும் போய்ச் சேர்ந்தால் இருவருக்கும் லாபம். நெசவாளரின் முகம் அட்டையில் ஏறியது பெரிய மாற்றம். நெசவாளர் சங்கம் மாற்றத்தை நடத்தும் அணியில் ஏறியிருந்தால் அது அதைவிடப் பெரிய மாற்றமாக இருந்திருக்கும்.

ஐந்தாம் படியில் தடை நீக்கம் பாதியில் நிற்பதற்குக் காரணம் மேலாண்மை இயக்குநரின் கையில் எல்லா அதிகாரமும் இல்லை என்பது. தள்ளுபடி விழுக்காட்டையும் மானியத்தையும் அரசு முடிவு செய்கிறது. புதிய பணியாளர் நியமனத்துக்கும் மேலே அனுமதி வேண்டும். ஆனால் நிறுவனத்துக்குள்ளேயே நீக்கக்கூடிய தடைகளும் உண்டு. வேலூரில் உள்ள ஒரு விற்பனை நிலைய மேலாளர், தம் கடையில் ஆரணிக் கட்டம் போட்ட சேலை கேட்டு வருபவர்கள் அதிகம் என்று கண்டால், அதை நேரே சங்கத்துக்குச் சொல்லி வரவழைக்க முடியுமா, இல்லை மேலிருந்து ஒதுக்கப்படும் மூட்டையைத்தான் விற்க வேண்டுமா? ஐந்தாம் படி ஏறப்பட்டதா என்று அறிய இந்த ஒரு கேள்வி போதும். மேலாளரால் முடியாது என்றால், நோக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் அவர் அதற்காக எதுவும் செய்ய இயலாது.

ஏழாம் படிக்குக் காலம் போதவில்லை. 2014 அக்டோபரில் சகாயம் அப்பதவியிலிருந்து மாற்றப்பட்டார். இரண்டு ஆண்டுக்குச் சற்று மேல். மாற்றம் ஒரு நிறுவனத்தில் ஆழமாக இறங்க ஐந்து முதல் பத்து ஆண்டு ஆகும் என்பது கோட்டரின் கணக்கு. முதல் லாபம் வந்த கையோடு செய்ய வேண்டிய கடினமான வேலைகள், அதாவது கொள்முதல் முறை, பணம் கொடுக்கும் கால அளவு, தேங்கிய சரக்கை நட்டத்தோடு தீர்ப்பது ஆகியவை, அறிவிப்பாலோ விழாவாலோ நடப்பவை அல்ல. அவற்றுக்கு ஆண்டுக் கணக்கில் ஒரே கை வேண்டும், அல்லது கை மாறினாலும் மாறாத அணி வேண்டும்.

நிலைத்தது எது

எட்டாம் படியைத் 'தாண்டப்பட்டது' என்று முழுதாக எழுதிவிடுவது தவறாகும். நெசவாளர் பெயர் அட்டை அதைக் கொண்டுவந்தவர் போன பிறகும் தொடர்ந்தது. பின்னர் மேலாண்மை இயக்குநராக வந்த தி. நா. வெங்கடேஷ் காலத்தில் கண்டாங்கி போன்ற பழைய சேலை வகைகளை மீட்டு நெய்விக்கும் முயற்சி நடந்தது. நெசவாளரையும் ஊரையும் முன்னிறுத்தி விற்பது என்ற வழியிலேயே அதுவும் அமைந்தது. ஒரு பகுதி வேர்விட்டது என்பதற்கு இது சான்று.

ஏன் அட்டை பிழைத்தது என்று பார்ப்பது பயனுள்ளது. அட்டை ஒரு நடைமுறைக்குள் புகுந்துவிட்டது. சேலை வாங்கும்போதே பெயரும் படமும் சேர்ந்து வர வேண்டும். இல்லாவிட்டால் சரக்கு முழுமையில்லை. விற்பவர் அதைக் காட்டிப் பேசப் பழகிவிட்டார், வாங்குபவர் அதைத் தேடப் பழகிவிட்டார். அதை நிறுத்த ஒருவர் உத்தரவு போட வேண்டும். தொடர யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஒரு தலைவரின் நேரடிப் பார்வை, திடீர்க் கடை ஆய்வு, அவர் பெயருக்கே கிடைக்கும் பத்திரிகை வெளிச்சம் ஆகியவை இதற்கு நேர் எதிர்: நிற்பதற்கு உத்தரவு வேண்டாம், தொடர்வதற்கு அவரே வேண்டும். மீட்சியின் ஒவ்வொரு அங்கத்தையும் இந்த இரண்டு வகையில் பிரித்துப் போட்டால் எட்டாம் படியின் நிலை தெரிந்துவிடும்.

இம்முறையின் எல்லையும் இங்கேதான் தெரிகிறது. கோட்டர் கவனித்தவற்றில் பெரும்பாலானவை, தலைவர் தாமாக விலகும்வரையோ இயக்குநர் குழு நீக்கும்வரையோ இருக்கும் தனியார் நிறுவனங்கள். இடமாற்றம் ஓர் அன்றாட நிகழ்ச்சியான அமைப்புக்கு அவருடைய வரிசையை அப்படியே பொருத்த முடியாது. இரண்டு ஆண்டே கிடைக்கும் என்று தெரிந்த தலைவர், எட்டாம் படியைக் கடைசிக்கு வைக்காமல் முதல் ஆண்டிலேயே தொடங்க வேண்டியிருக்கும். பெயர் அட்டையைப் போலப் பணம் கொடுக்கும் தேதியையும் ஒரு நடைமுறையாக எழுதி வைத்திருந்தால், உதாரணமாகச் சரக்கு ஏற்ற நாளிலிருந்து இத்தனை நாளுக்குள் பட்டியல் தீர்க்கப்பட வேண்டும், தாமதத்துக்கு வட்டி உண்டு என்று விதித்திருந்தால், அதுவும் ஒருவேளை அட்டையைப் போலவே பிழைத்திருக்கலாம்.

ஆரணியில் எப்படிப் பார்ப்பது

சங்க நிர்வாகி ஒருவர் இந்த மதிப்பீட்டைத் தம் ஊரிலேயே செய்துகொள்ளலாம். அதற்கு இரண்டு பேரேடு போதும். ஒன்றில் கோ-ஆப்டெக்ஸுக்குச் சரக்கு அனுப்பிய நாளும் பணம் வந்த நாளும் இருக்கும். இரண்டு நாளுக்கும் இடைப்பட்ட காலத்தை ஒவ்வொரு பட்டியலுக்கும் எழுதி, தீபாவளிக்கு முந்தைய மாதங்களைத் தவிர்த்து, பிப்ரவரி முதல் ஜூன் வரையிலான பட்டியல்களை மட்டும் ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட வேண்டும். திருவிழா விற்பனை முடிந்து காசு வற்றிய அந்த மாதங்களில் இடைவெளி குறைந்துகொண்டே வந்தால் கடை உண்மையாகவே மீள்கிறது. விற்பனை உயர்ந்ததாகச் செய்தி வந்தும் இடைவெளி நீண்டால், வாங்கிய சரக்கு அலமாரியில்தான் இருக்கிறது.

மற்றொரு பேரேடு பாவு வழங்கியது. ஒரு பாவு முடிந்த நாளுக்கும் அடுத்த பாவு அதே தறிக்குக் கிடைத்த நாளுக்கும் இடையே எத்தனை நாள் தறி சும்மா நின்றது என்பதை அது காட்டும். முதல் பேரேட்டில் நாள்கள் கூடினால், சில மாதம் கழித்து இரண்டாவதிலும் கூடும். அந்தச் சில மாத இடைவெளிதான், கடைக்காரரிடம் போய்ப் பேசுவதற்குச் சங்கத்துக்குக் கிடைக்கும் அவகாசம்.